நூற்றொன்பது படங்களும் ஒரு வளைகோடும்

நீங்கள் வந்து உட்காரும்போதே கரும்பலகையில் சில எண்கள் இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். இன்றைய பேச்சு முழுவதும் இந்த எண்களைச் சுற்றித்தான் இருக்கும். வேறு கணக்கு எதுவும் கொண்டுவரவில்லை.

1982இல் ஜேம்ஸ் ஹான்லி, பார்பரா மெக்நீல் என்ற இருவர் ‘ரேடியாலஜி’ என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆர்.ஓ.சி. வளைகோட்டின் கீழுள்ள பரப்புக்கு என்ன பொருள் என்பதே அதன் தலைப்பும் பொருளும். அதில் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது 109 சி.டி. ஸ்கேன் படங்கள். நரம்பியல் கோளாறு இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டவர்களின் படங்கள் அவை. அவர்களில் 51 பேருக்கு உண்மையிலேயே கோளாறு இருந்தது, 58 பேருக்கு இல்லை. இந்த உண்மை தனியாகத் தெரியும். படங்களைப் பார்த்தவர் ஒரே ஒரு ரேடியாலஜிஸ்ட். அவர் ஒவ்வொரு படத்துக்கும் 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் போட்டார். நிச்சயம் நலம் என்றால் 1. அநேகமாக நலம் என்றால் 2. சொல்வதற்கில்லை என்றால் 3. அநேகமாகக் கோளாறு என்றால் 4. நிச்சயம் கோளாறு என்றால் 5.

பலகையில் இருப்பது அந்த மதிப்பெண்கள்தான்:

மதிப்பெண் 1: நலமானவர் 33, நோயாளி 3
மதிப்பெண் 2: நலமானவர் 6, நோயாளி 2
மதிப்பெண் 3: நலமானவர் 6, நோயாளி 2
மதிப்பெண் 4: நலமானவர் 11, நோயாளி 11
மதிப்பெண் 5: நலமானவர் 2, நோயாளி 33

இந்த ரேடியாலஜிஸ்டை இன்றைக்கு நாம் ஒரு வகைப்படுத்தியாக வைத்துக்கொள்வோம். மனிதர் என்பதால் ஒன்றும் மாறிவிடாது. கடன் விண்ணப்பத்தைப் பார்த்து மதிப்பெண் போடும் வங்கி மென்பொருளும், குப்பை மின்னஞ்சலைப் பிரிக்கும் நிரலும் செய்வது இதைத்தான். எதிரே வரும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் தருகின்றன. அந்த மதிப்பெண்ணை ஆம், இல்லை என்ற முடிவாக மாற்ற எங்கேயாவது ஒரு கோடு கிழிக்க வேண்டும். அந்தக் கோட்டை வெட்டுப்புள்ளி என்பார்கள்.

எங்கே கிழிப்பது? 5 வாங்கியவர்களை மட்டும் நோயாளி என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். 33 நோயாளிகள் பிடிபடுவார்கள், 18 பேர் தப்பிவிடுவார்கள். நலமானவர்களில் 2 பேரை வீணாகப் பயமுறுத்துவோம். மொத்தப் பிழை 20. சரி, கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்கி, 4 வாங்கியவர்களையும் சேர்ப்போம். இப்போது 44 நோயாளிகள் பிடிபடுகிறார்கள், தப்புவது 7 பேர்தான். ஆனால் வீணாகப் பயந்தவர்கள் 13 பேர். மொத்தப் பிழை மறுபடியும் 20.

இரண்டிலும் 109க்கு 89 சரி. துல்லியம் எவ்வளவு என்று கேட்டால் இரண்டுக்கும் 81.7 சதவீதம் என்று ஒரே பதில்தான் வரும். ஆனால் நோயாளியின் வீட்டாரிடம் போய் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல முடியுமா? ஒன்றில் 18 பேர் நோயோடு வீட்டுக்குப் போகிறார்கள், இன்னொன்றில் 7 பேர். துல்லியம் என்ற ஒற்றை எண் இருவகைப் பிழைகளையும் ஒரே கூடையில் போட்டு எண்ணிவிடுகிறது. அவற்றைத் தனித்தனியாக வைத்துப் பார்ப்பதற்காக வந்ததுதான் ஆர்.ஓ.சி. வளைகோடு.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. விரித்தால் ‘ரிசீவர் ஆபரேட்டிங் கேரக்டரிஸ்டிக்’. ஸ்கேனுக்கும் ரிசீவருக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் கேட்பார்கள். இங்கே ரிசீவர் என்பது ரேடார் அலைவாங்கி. திரையில் தெரியும் சின்ன அசைவு விமானமா, வெறும் இரைச்சலா என்று முடிவு செய்ய வேண்டிய இடத்தில் பிறந்த கணிதம் இது. 1950களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அதற்கு முறையான வடிவம் கிடைத்தது. பிறகு மனித உணர்வுகளை அளக்கும் உளவியலுக்குப் போய், அங்கிருந்து எக்ஸ்ரே அறைக்கு வந்தது. பெயர் மட்டும் பழைய வீட்டு விலாசத்தோடு அப்படியே நின்றுவிட்டது.

இனி வரைவோம். ஒரு சதுரம் போடுங்கள். கிடை அச்சு 0 முதல் 1 வரை, செங்குத்து அச்சும் 0 முதல் 1 வரை. செங்குத்தாக மேலே போவது, நோயாளிகளில் எத்தனை பங்கு பேரைப் பிடித்தோம் என்பது. இதைச் சென்சிட்டிவிட்டி என்றும் சொல்வார்கள். கிடையாக வலப்புறம் போவது, நலமானவர்களில் எத்தனை பங்கு பேருக்குப் பொய் அலாரம் அடித்தோம் என்பது. ஒன்றைக் கவனியுங்கள். மேலே போகும் அளவை 51ஆல் வகுக்கிறோம், பக்கவாட்டில் போகும் அளவை 58ஆல் வகுக்கிறோம். நோயாளிகள் தங்களுக்குள், நலமானவர்கள் தங்களுக்குள். இருவரையும் எங்குமே கலப்பதில்லை. இது சாதாரண விஷயமாகத் தெரியும். பின்னால் இதனால்தான் பெரிய வில்லங்கம் வரப்போகிறது, அதனால் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாரையுமே நோயாளி என்று சொல்லாவிட்டால் நாம் நிற்பது இடது கீழ் மூலை. யாரையும் பிடிக்கவில்லை, யாரையும் பயமுறுத்தவும் இல்லை. வெட்டுப்புள்ளியை 5இல் வைத்தால் 51இல் 33, அதாவது 0.65 மேலே போகிறோம். 58இல் 2, அதாவது 0.03 பக்கவாட்டில் நகர்கிறோம். 4இல் வைத்தால் 0.86 உயரம், 0.22 பக்கவாட்டு. 3இல் வைத்தால் 0.90, 0.33. 2இல் வைத்தால் 0.94, 0.43. 1இல் வைத்தால் எல்லோரும் நோயாளிகள். வலது மேல் மூலைக்கு வந்துவிட்டோம். இந்தப் புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்தால் அதுதான் வளைகோடு. ஐந்து மதிப்பெண் மட்டுமே இருப்பதால் வளைவு என்று சொல்ல முடியாமல் முறிந்து முறிந்து போகிறது. நுணுக்கமான மதிப்பெண் இருந்தால் படிக்கட்டு போல ஆகி, ஆட்கள் கூடக் கூட வழவழப்பாகும்.

பலர் இந்தப் படத்தைப் பார்த்தவுடன் இடது மேல் மூலையை எவ்வளவு நெருங்குகிறது என்று மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம். இந்தப் படத்தில் படிக்க வேண்டியது ஒவ்வொரு துண்டின் சாய்வு. அது ஒரு விலைப்பட்டியல். முதல் துண்டில் 33 நோயாளிகளைப் பிடிக்க 2 பொய் அலாரம் விலையாகக் கொடுத்தோம். மலிவு. அடுத்த துண்டில் இன்னும் 11 நோயாளிகள் வேண்டும் என்றால் 11 பொய் அலாரம். தலைக்கு ஒன்று. அதற்கடுத்து 2 நோயாளிகளுக்கு 6, மறுபடி 2 நோயாளிகளுக்கு 6. தலைக்கு மூன்று. கடைசித் துண்டில் மிச்சமுள்ள 3 நோயாளிகளைப் பிடிக்க 33 பேரைப் பயமுறுத்த வேண்டும். தலைக்கு 11. கோடு செங்குத்தாக ஏறும் இடத்தில் சரக்கு மலிவு. படுத்துக்கொள்ளும் இடத்தில் யானை விலை. எங்கே வாங்குவதை நிறுத்துவது என்பதைக் கோடு சொல்லாது. தப்பவிட்ட ஒரு நோயாளியால் எவ்வளவு கெடுதல், வீணாக அலைய வைத்த ஒருவரால் எவ்வளவு கெடுதல் என்ற கணக்கு நம்மிடம் இருந்தால்தான் நிறுத்த முடியும்.

இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலைக்கு ஒரு மூலைவிட்டம் போடுங்கள். நாணயம் சுண்டி முடிவு சொல்பவர் அந்தக் கோட்டின் மேல்தான் நடப்பார். நோயாளிகளில் பாதிப் பேரைப் பிடித்தால் நலமானவர்களில் பாதிப் பேரையும் பயமுறுத்துவார். அந்தக் கோட்டுக்குக் கீழுள்ள பரப்பு 0.5. ஒரு பிழையும் செய்யாதவருக்கு முழுச் சதுரமும் சொந்தம், பரப்பு 1. நம் ரேடியாலஜிஸ்டின் பரப்பு 0.893.

சரி, இந்த 0.893 என்பது என்ன? இங்கேதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். நூற்றுக்கு 89 சரி என்று எடுத்துக்கொள்கிறார்கள். இப்போதுதான் பார்த்தோம், எந்த வெட்டுப்புள்ளியிலும் இவர் 81.7 சதவீதத்தைத் தாண்டவில்லை. 3இல் வைத்தால் 78தான். ஆக 89 எங்கிருந்து வந்தது?

இரண்டு குடங்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 51 நோயாளிகளின் சீட்டுகள், இன்னொன்றில் 58 நலமானவர்களின் சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் ரேடியாலஜிஸ்ட் போட்ட மதிப்பெண் எழுதியிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு குடத்துக்கு ஒரு சீட்டு எடுங்கள். நோயாளியின் சீட்டில் பெரிய எண் இருந்தால் ரேடியாலஜிஸ்டுக்கு ஒரு புள்ளி. இரண்டும் சமமென்றால் அரைப் புள்ளி. நலமானவரின் சீட்டில் பெரிய எண் இருந்தால் ஒன்றுமில்லை. எல்லா ஜோடிகளையும் எடுத்துப் பார்த்தால் சராசரியாக எத்தனை புள்ளி கிடைக்கும்? அதுதான் வளைகோட்டின் கீழுள்ள பரப்பு.

நம்பாவிட்டால் எண்ணிப் பார்ப்போம். 51ஐ 58ஆல் பெருக்கினால் 2958 ஜோடிகள். 5 வாங்கிய 33 நோயாளிகளை எடுங்கள். அவர்கள் ஒவ்வொருவரும் 5க்குக் கீழே உள்ள 56 நலமானவர்களை வெல்கிறார்கள், 5 வாங்கிய 2 பேரோடு சமம். ஆளுக்கு 57 புள்ளி; மொத்தம் 1881. 4 வாங்கிய 11 பேர் ஆளுக்கு 45 பேரை வென்று 11 பேரோடு சமமாகிறார்கள். ஆளுக்கு ஐம்பதரை, மொத்தம் 555.5. இப்படியே 3க்கு 84, 2க்கு 72, 1க்கு 49.5. கூட்டினால் 2642. அதை 2958ஆல் வகுத்தால் 0.893. கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துப் பரப்பை அளந்தாலும் இதே எண்தான் வரும். சமமான ஜோடிக்கு அரைப் புள்ளி கொடுப்பதும், புள்ளிகளை நேர்கோட்டால் இணைப்பதும் ஒரே காரியம். புள்ளியியல் படித்தவர்களுக்கு இது பழைய நண்பராகத் தெரியும். 1940களில் வில்காக்சன், மான், விட்னி ஆகியோர் தந்த தரவரிசைச் சோதனையில் எண்ணுவதும் இதே ஜோடிகளைத்தான்.

ஆக, பரப்பு சொல்வது முடிவுகளின் தரத்தை இல்லை, வரிசையின் தரத்தை. காய்கறிக் கடையில் சிலர் இரண்டு கத்தரிக்காயை இரண்டு கையில் வைத்துப் பார்த்து, இதுதான் கனம் என்று சரியாகச் சொல்வார்கள். எத்தனை கிராம் என்று கேட்டால் தெரியாது. பரப்பு அளப்பது அந்தத் திறமையை மட்டும். நம் ரேடியாலஜிஸ்ட் போட்ட எல்லா மதிப்பெண்ணையும் பத்தால் பெருக்குங்கள், அல்லது 5ஐ 500 ஆக்குங்கள். வரிசை மாறாத வரை பரப்பு ஒரு துளிகூட மாறாது. அதனால் ஒரு மென்பொருள் ‘இவருக்கு நோய் இருக்க 0.9 நிகழ்தகவு’ என்று சொல்லி, உண்மையில் அப்படிச் சொன்னவர்களில் பத்தில் மூவருக்கு மட்டுமே நோய் இருந்தாலும், அதன் பரப்பு பிரமாதமாக இருக்கலாம். நிகழ்தகவு நம்பத்தக்கதா என்பது வேறு சோதனை. 0.9 என்று சொன்னவர்களைத் தனியாகத் திரட்டி, அவர்களில் எத்தனை பேருக்கு நோய் இருந்தது என்று எண்ணித்தான் அதைப் பார்க்க வேண்டும்.

வரிசை என்று புரிந்துகொள்ளாததால் நான் பட்ட அவமானம் ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பழைய முறைக்கும் நான் செய்த புதிய முறைக்கும் பரப்பை ஒப்பிட்டு அறிக்கை கொடுத்தேன். என் முறை தோற்றுப்போயிருந்தது. இரண்டு வாரம் தலையை உடைத்துக்கொண்டு மாடலை மாற்றிக்கொண்டே இருந்தேன். பக்கத்து மேசை அக்கா ஒருவர் வந்து, ‘வளைகோட்டைக் காட்டு’ என்றார். படம் வரைந்தேன். பழைய முறையின் கோடு நன்றாக வளைந்து போனது. என்னுடையதில் ஒரே ஒரு முழங்கை. இரண்டே இரண்டு நேர்கோடு. ‘மதிப்பெண்ணைக் கொடுக்காமல் முடிவைக் கொடுத்திருக்கிறாய்’ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் செய்த தவறை நம் ரேடியாலஜிஸ்டின் எண்களை வைத்தே காட்டுகிறேன். கணினி வைத்திருப்பவர்கள் இப்போதே ஓட்டிப் பார்க்கலாம்.

```python
from sklearn.metrics import roc_auc_score
y = [0]*58 + [1]*51
s = ([1]*33 + [2]*6 + [3]*6 + [4]*11 + [5]*2 +
     [1]*3 + [2]*2 + [3]*2 + [4]*11 + [5]*33)
print(roc_auc_score(y, s))
print(roc_auc_score(y, [int(v >= 4) for v in s]))
```

முதல் வரி 0.893 என்று காட்டும். இரண்டாவது 0.819. ஆள் அதே ஆள், படங்கள் அதே படங்கள். மதிப்பெண்ணை ஆம், இல்லை என்று வெட்டிவிட்டுக் கொடுத்ததால், 4க்கும் 5க்கும் இடையே இருந்த வரிசையும் 1, 2, 3க்கு இடையே இருந்த வரிசையும் காணாமல் போய்விட்டன. அந்தத் தகவல் இழப்புத்தான் 0.07. நிரல் எந்தப் பிழையும் காட்டாது, நல்ல பிள்ளையாக ஓர் எண்ணைத் தந்துவிடும். எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. படத்தை வரைந்தால் அந்த ஒற்றை முழங்கை காட்டிக்கொடுத்துவிடும். `predict` என்று எழுதிய இடத்தில் `predict_proba` கொடுத்து, அதன் இரண்டாவது பத்தியை எடுத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். இதற்கு உறவான இன்னொரு கோளாறு, கோடு மூலைவிட்டத்துக்குக் கீழே தொங்குவது. பரப்பு 0.107 என்று வந்தால் மாடல் மோசமென்று அழ வேண்டாம். ஒன்றிலிருந்து அதைக் கழியுங்கள், 0.893 வருகிறது. எங்கோ 0ஐயும் 1ஐயும் மாற்றி வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். நாணயம் சுண்டுபவரைவிட இவ்வளவு மோசமாகத் தோற்கவும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 0.893 என்று மூன்று இலக்கம் எழுதுகிறோம், ஆனால் 109 பேரை வைத்துக் கண்ட எண் இது. ஹான்லியும் மெக்நீலும் தந்த சூத்திரத்தில் போட்டால் இதன் திட்டப்பிழை 0.03க்குச் சற்று மேலே வரும். ஆக, உண்மைப் பரப்பு 0.83ஆகவும் இருக்கலாம், 0.96ஆகவும் இருக்கலாம். வேறு 109 பேரைப் பார்த்த இன்னொரு ரேடியாலஜிஸ்ட் 0.87 எடுத்தால் இவர்தான் கெட்டிக்காரர் என்று சொல்லிவிட முடியாது.

முன்பு மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன வில்லங்கத்துக்கு வருவோம். மேலே போவதை நோயாளிகளால் மட்டும் வகுத்தோம், பக்கவாட்டை நலமானவர்களால் மட்டும் வகுத்தோம். அதனால் ஊரில் நோயாளிகள் எத்தனை பேர் என்பது கோட்டுக்குத் தெரியாது. இந்த 109 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேர் நோயாளிகள். இது மருத்துவமனையில் சந்தேகத்தின் பேரில் அனுப்பப்பட்ட கூட்டம். இதே ரேடியாலஜிஸ்டை, இதே திறமையோடு, அறிகுறி ஏதுமில்லாத பொதுமக்களிடம் கூட்டிப்போவதாகக் கற்பனை செய்யுங்கள். நூற்றில் ஒருவருக்குத்தான் கோளாறு என்று வைப்போம். வளைகோடு அதே, பரப்பு அதே 0.893.

பத்தாயிரம் பேரைப் பார்க்கிறார். நோயாளிகள் 100, நலமானவர்கள் 9900. வெட்டுப்புள்ளி 4 என்றால் நூறில் 86 பேர் பிடிபடுகிறார்கள். நல்ல விஷயம். நலமானவர்களில் 58க்கு 13 என்ற கணக்கில் 2219 பேருக்குப் பொய் அலாரம். ஆக, அறையை விட்டு ‘உங்களுக்குக் கோளாறு இருக்கலாம்’ என்ற சீட்டோடு வெளியே வருபவர்கள் 2305 பேர். அவர்களில் உண்மையான நோயாளிகள் 86. நூற்றுக்கு நான்குகூட இல்லை. கோட்டை 5க்கு உயர்த்தினால் 65 பேர் பிடிபடுகிறார்கள், 341 பொய் அலாரம். சீட்டு வாங்கியவர்களில் ஆறில் ஒருவருக்கு உண்மையிலேயே நோய்.

விலைப்பட்டியலும் மாறிவிட்டது பாருங்கள். மருத்துவமனைக் கூட்டத்தில் 5இலிருந்து 4க்கு இறங்குவதற்குத் தலைக்கு ஒரு பொய் அலாரம்தான் விலை. பொதுமக்கள் கூட்டத்தில் அதே இறக்கத்துக்கு, முழு எண்ணாக்காமல் பார்த்தால் 21.6 நோயாளிகள் கூடுதலாகக் கிடைக்க 1878 பேரைப் பயமுறுத்த வேண்டும். ஒரு நோயாளிக்கு ஏறத்தாழ 87 பேர். படத்தில் அந்தத் துண்டின் சாய்வு கொஞ்சமும் மாறவில்லை. சாய்வை, ஊரில் நலமானவர்களுக்கு நோயாளிகள் எத்தனை பங்கு என்ற விகிதத்தோடு பெருக்கிப் பார்த்தால்தான் உண்மையான விலை தெரிகிறது.

இதனால், நோய் அபூர்வமாக இருக்கும் இடத்தில் கோட்டின் பெரும்பகுதி நமக்குப் பயன்படாத நிலம். பொய் அலாரம் 0.4 என்ற இடத்தில் யாரும் போய் நிற்கப்போவதில்லை. ஆனால் அந்த நிலமும் பரப்பில் சேர்த்தே அளக்கப்படுகிறது. இரண்டு முறைகளின் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டால் இது பெரிய தொல்லை. ஒன்று இடது ஓரத்தில் விறுவிறுவென்று ஏறிப் பிறகு சோர்ந்துவிடும். இன்னொன்று மெதுவாகத் தொடங்கி வலப்பக்கத்தில் முந்திவிடும். பரப்பு இரண்டாவதற்கு அதிகமாக இருக்கலாம். பொதுமக்கள் பரிசோதனைக்கு வேண்டியது முதலாவது. பரப்பை மட்டும் பார்த்து வாங்கினால் தவறான சரக்கோடு வீட்டுக்கு வருவோம். அதற்காகத்தான் சிலர் பொய் அலாரம் 0 முதல் 0.1 வரையிலான இடது ஓரத்தின் பரப்பை மட்டும் தனியே அளக்கிறார்கள்.

ஆனால் நம் ரேடியாலஜிஸ்டுக்கு அதையும் சரியாக அளக்க முடியாது. இடது ஓரத்தில் அவருக்கு இருப்பது ஒரே புள்ளி, 0.03இல். அதற்கு இடப்பக்கம் தொடக்க மூலை. வலப்பக்கம் அடுத்த புள்ளி 0.22இல். நடுவில் நாம் இழுத்தது வெறும் நேர்கோடு. பொய் அலாரத்தை நூற்றில் ஒன்றுக்குக் கீழே வைக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் அவரது ஐந்து மதிப்பெண்களுக்குள் அதற்கு வெட்டுப்புள்ளியே இல்லை. 5க்கு மேலே 6 கிடையாது. அவருக்குத் திறமை இல்லாததால் வந்த குறை இல்லை இது, அளவுகோல் முரட்டுத்தனமானது. நூறு வரை மதிப்பெண் போடச் சொல்லியிருந்தால் அந்த 33 நோயாளிகளுக்கும் 2 நலமானவர்களுக்கும் இடையே ஒரு வரிசை இருந்ததா என்று தெரிந்திருக்கும்.

கடைசியாக ஜோடிகளுக்கே திரும்பிப் போகிறேன், ஏனென்றால் அங்கே இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. 2958 ஜோடிகளில் ரேடியாலஜிஸ்ட் சரியாக வரிசைப்படுத்தியவை 2487. சமமாக விட்டவை 310. தலைகீழாகப் போட்டவை 161. இந்த 161 எங்கிருந்து வந்தன என்று பிரித்துப் பார்த்தேன். 75 ஜோடிகள், ஏறக்குறையப் பாதி, மூன்றே மூன்று பேரிடமிருந்து வந்தவை: நோய் இருந்தும் ‘நிச்சயம் நலம்’ என்று 1 வாங்கிய அந்த மூவர். ஆளுக்கு 25 நலமானவர்கள் அவர்களுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறார்கள்.

படத்தில் அவர்கள் இருப்பது வலது மேல் மூலைக்கு முந்தைய அந்தக் கடைசித் துண்டில், கோடு ஏறாமல் படுத்துக்கிடக்கும் இடத்தில். வெட்டுப்புள்ளியை எங்கே நகர்த்தினாலும், மொத்தப் பேரையும் நோயாளி என்று சொன்னாலொழிய, இவர்களைப் பிடிக்க முடியாது. இந்தத் துண்டு தட்டையாகத் தெரிந்தால் நான் வெட்டுப்புள்ளியைத் திருகுவதை நிறுத்திவிடுவேன். அந்த மூன்று ஸ்கேன்களையும் அலமாரியிலிருந்து எடுத்து, விளக்குப் பெட்டியில் மாட்டி, கோளாறு படத்தில் தெரியவே இல்லையா, தெரிந்தும் கண் தவறவிட்டதா, இல்லை நோயாளி என்று எழுதி வைத்த பதிவே தவறா என்று பார்ப்பேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பலகையை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.